அத்தியாயம் 9: பத்துப் படமும் ஒரு கேப்ஷனும் – கஷ்டமான வருஷத்தைச் சிரித்தபடி முடித்து வைப்பது

டிசம்பர் கடைசி வாரத்தில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வரிசையாக வருஷக் கணக்கு ஓடும். கோவா, கல்யாணம், புது கார், மாரத்தான் பதக்கம். நல்ல வருஷத்துக்குக் கேப்ஷன் எழுதுவது சுலபம், படங்களே பேசிவிடும். வேலை போய், வீட்டில் ஒருவர் படுத்து, கையில் பணம் கரைந்த வருஷத்துக்குத்தான் எழுத உட்கார்ந்ததும் கை நின்றுபோகிறது. எல்லாவற்றையும் சொன்னால் புலம்பலாகிவிடும், எதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். இந்த அத்தியாயம் அந்த இடைவெளியில் எழுதுவதைப் பற்றியது.

என் தோழி ஒருத்தி 2023 முடிவில் போட்ட பதிவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவள் சம்மதித்திருக்கிறாள், பெயர் வேண்டாம் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. பள்ளிக்கரணையில் தரைத்தள வீடு. பிப்ரவரியில் ஆட்குறைப்பில் வேலை போனது. ஜூலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி இரவு, மேல்மாடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் வரைவு இது:

"2023 எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஏற்றமும் இறக்கமும் நிறைந்த ஆண்டு. வலிகள் என்னை வலிமையாக்கின. உடன் நின்ற அனைவருக்கும் நன்றி. விட்டுச் சென்றவர்களுக்கும் நன்றி!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வெட்டி வேறு யாருடைய படங்களுக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அவளுடைய ஃப்ரிட்ஜ் மிதந்தது இதில் இல்லை. அவளுடைய அம்மா இல்லை. கடைசி வரியோ இன்னும் ஆபத்தானது. "விட்டுச் சென்றவர்கள்" என்று எழுதியவள் மனதில் ஒரே ஒருவர்தான் இருந்தார். படிக்கிறவர்களில் இருபது பேர் "நம்மைச் சொல்கிறாளோ" என்று யோசிப்பார்கள். வருஷம் முழுக்க அவளுக்கு உதவியவர்களும் அந்த இருபதில் இருப்பார்கள்.

முதலில் பொருள் சேகரியுங்கள்

கஷ்டமான வருஷத்தைப் பற்றி நினைவிலிருந்து எழுதக் கூடாது. நினைவு பெரிய அடிகளை மட்டும் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன விஷயங்களைத் தள்ளிவிடும். சிரிப்பு இருப்பது அந்தச் சின்ன விஷயங்களில்தான். அவை உங்கள் போனில் பத்திரமாக இருக்கின்றன.

கேலரியை ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் பாருங்கள். அழகான படங்களைத் தேட வேண்டாம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்தது, பிளம்பருக்கு அனுப்பக் குழாயைப் படம் எடுத்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறந்தது, இவைதான் வேண்டும். அடுத்து பணம் அனுப்பிய பட்டியல். ஜிபே, போன்பே எதுவானாலும் ஒரு வருஷத்து வரவுசெலவை உருட்டினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். என் தோழிக்கு அப்படி வந்தது ஓர் ஆட்டோக்காரர். அம்மாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனதில் அவருக்கு 31 முறை பணம் போயிருந்தது. முதல் சில முறை 120 ரூபாய், பிறகெல்லாம் 100. அவராகவே குறைத்திருக்கிறார், இவள் கவனிக்கவே இல்லை. நன்றி சொல்ல வேண்டிய ஒருவர் இப்படித்தான் அகப்பட்டார்.

அகப்பட்டதையெல்லாம் ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள். முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில் அதில் இருந்த ஒரு பொருள். மூன்றாவதில் அப்போது யார் என்ன செய்தார்கள் என்பது. தோழியின் தாளில் ஜூலை வரிசை இப்படி இருந்தது: அம்மா விழுந்தது, வாக்கர், எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தெருமுனையில் போய் நின்றது. கேப்ஷனில் இரண்டாம் பத்தி நகைச்சுவையாக மாறும், மூன்றாம் பத்தி நன்றியாக மாறும். முதல் பத்தியிலிருந்து ஓரிரு வரி போதும்.

சிரிப்பை எங்கே வைப்பது

வலியைக் கிண்டல் செய்யக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது போதுமான விதி இல்லை. வலிக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த பொருளைக் கிண்டல் செய்யலாம் என்பதுதான் நடைமுறையில் உதவுகிற விதி.

தோழி அம்மா விழுந்ததைப் பற்றி முதலில் ஒரு ஜோக் எழுதிப் பார்த்தாள். "அம்மா பாத்ரூமில் பரதநாட்டியம் ஆடி..." என்று ஆரம்பித்தது. எனக்குப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் அவள் குரலே இறங்கிவிட்டது. விழுந்த இரவு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் விழுந்ததை விட்டுவிட்டோம், வாக்கரைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாவது வாரமே அம்மா அந்த வாக்கரின் இரண்டு பக்கமும் காய்கறிப் பை மாட்டிவிட்டாராம். சிரிப்பு அங்கே இருந்தது. அதில் அம்மா சின்னவராகவில்லை, பெரியவராகத்தான் தெரிந்தார்.

ஒரு ஜோக் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, அந்த வரியில் யார் முகம் சுருங்கும் என்று பார்ப்பது. உங்கள் முகம் என்றால் சரி. ஃப்ரிட்ஜுக்கு முகமே இல்லை, தாராளமாகச் சொல்லலாம். அம்மா, முன்னாள் மேலாளர், கடன் கேட்டபோது போன் எடுக்காத சித்தப்பா என்றால் எடுத்துவிடுங்கள். முன்னாள் அலுவலகத்தைக் குத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேலையை விட்டு அனுப்பும்போது கையெழுத்து வாங்குகிற தாளில், நிறுவனத்தைப் பற்றி இழிவாகப் பேசக் கூடாது என்று ஒரு வரி இருப்பதுண்டு. எழுதுவதற்கு முன் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை, அந்த நாட்களில் உடன் இருந்த ஒருவருக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது. உடனே சிரித்தால் வையுங்கள். சிரிப்பதற்கு முன் ஒரு கணம் உங்கள் முகத்தைப் பார்த்தால், "நீ நன்றாக இருக்கிறாயா" என்று அவர் சோதிக்கிறார் என்று அர்த்தம். அந்த வரியில் இன்னும் காயம் தெரிகிறது. அதை ஜோக்காக எழுதாமல் நேராக எழுதிவிடுங்கள்.

அந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் இந்த முறை எதுவும் அந்தப் படத்துக்குப் பொருந்தாது. அந்தப் படத்தை வைக்க வேண்டுமென்றால் பெயரும் தேதியும் மட்டும் எழுதுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளிலும் சிரிப்பைக் குறைத்துவிடுங்கள்.

முதல் வரிக்குத் தனிக் கணக்கு

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆனால் ஓட்டத்தில் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய முதல் 125 மட்டும் தெரியும், மீதி more என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். நமக்கு "தி" ஓர் எழுத்து. கணினிக்கு அது இரண்டு: த ஒன்று, மேலே சுழிக்கும் இகரக் குறி ஒன்று. "ந்" என்பதும் அப்படித்தான், நகரம் ஒன்று, புள்ளி ஒன்று.

தோழி கடைசியில் வைத்த முதல் வரியை எண்ணிப் பார்க்கலாம்:

"இந்த வருஷம் எங்க வீட்ல நீச்சல் கத்துக்கிட்டது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்."

நாம் எண்ணினால் 36 எழுத்து. கணினி எண்ணினால் 60, இடைவெளிகளும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து 68. தமிழ் எழுத்துகள் அகலமும் அதிகம் என்பதால் சின்னத் திரையில் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே தமிழில் முதல் வாக்கியம் எட்டுப் பத்துச் சொற்களுக்குள் முடிய வேண்டும். முடிந்ததும் ஒரு வரி இடைவெளி விடுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்து நிற்பதைவிட, முழு ஜோக்கும் தெரிந்து மீதி மறைந்திருப்பது நல்லது.

முதல் வரி இன்னொரு வேலையும் செய்கிறது. படிக்கிறவருக்கு அது அனுமதி கொடுக்கிறது. கஷ்டத்தைப் பற்றிய பதிவைப் பார்த்ததும் பலருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாது. முதல் வரி சிரிக்க வைத்தால், "சிரிக்கலாம், பரவாயில்லை" என்று வீட்டுக்காரரே சொன்ன மாதிரி. அதனால்தான் கனமான வரியை முதலில் வைக்கக் கூடாது.

படங்களை அடுக்குவது

அவள் எழுதிய காலத்தில் ஒரு கரோசலில் பத்துப் படம்தான் வைக்க முடியும். 2024 ஆகஸ்டிலிருந்து இருபது வரை வைக்கலாம். இடம் இருக்கிறதே என்று இருபதையும் நிரப்ப வேண்டாம். கஷ்டமான வருஷத்துக்குப் பத்தே அதிகம், ஏழெட்டுப் படத்தில் பார்க்கிறவர் களைத்துவிடுவார்.

முதல் படமும் முதல் வரியும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் வைத்தது, சமையலறை வாசலில் சாய்ந்து மிதக்கிற ஃப்ரிட்ஜ். இரண்டாவது படத்தையும் அலட்சியமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு, இன்ஸ்டாகிராம் சில வேளை அதே பதிவை இரண்டாவது படத்திலிருந்து மறுபடி காட்டும். அது தனியாக நின்றாலும் புரிய வேண்டும். அவளுடைய இரண்டாவது படம் ஆணியில் தொங்கும் வெறும் அடையாள அட்டைக் கயிறு. அட்டையைக் கொடுத்துவிட்டாள், கயிறு மட்டும் வீட்டுக்கு வந்தது.

நடுவில் ஒரு படமாவது வெறும் நல்ல படமாக இருக்கட்டும். அவள் வைத்தது மே மாதத்தில் மொட்டைமாடியில் வடகம் காய்ந்த படம். அதற்குக் கேப்ஷனில் ஒரு சொல்கூட இல்லை. கடைசிப் படத்தில் மனிதர்கள் இருக்கட்டும், முடிந்தால் முகம் தெரியாமல். அவள் வைத்தது, மேல்மாடி வீட்டுக் கூடத்தில் ஒரே பாயைச் சுற்றி வைத்த ஒன்பது தட்டுகள்.

வைக்காத படங்களையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் அம்மா இருந்த படத்தை எடுத்துவிட்டோம். அம்மாவிடம் கேட்டதற்கு, "தலை வாராம இருக்கேன், அது வேண்டாம். வாக்கர் படம் போட்டுக்கோ" என்றார். படத்தில் இருப்பவரிடம் கேட்டே ஆக வேண்டும், "அம்மாதானே" என்று விட்டுவிடக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் பக்கத்துத் தெருப் பெரியவரைத் தூக்கி வந்த படத்தையும் எடுத்துவிட்டோம். அவர் அந்தக் கோலத்தில் ஊருக்குத் தெரிய விரும்ப மாட்டார். வேலைநீக்கக் கடிதம், மருந்துச் சீட்டு, வண்டி எண், வீட்டு வாசல் எண் தெரியும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டுங்கள்.

ஒரே ஒரு நேர்வரி

முழுக்க முழுக்க ஜோக்காகப் போனால் படிக்கிறவர் ஓர் இடத்தில் சந்தேகப்படுவார்: இவள் சமாளிக்கிறாளா, மறைக்கிறாளா? அதற்குப் பதிலாக ஒரு வரி வேண்டும். அதில் உவமை, ஜோக், ஆச்சரியக்குறி, எமோஜி எதுவும் கூடாது. கேப்ஷனின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில், தனிப் பத்தியாக நிற்கட்டும்.

அவள் பல வடிவம் எழுதினாள். "மனதளவில் மிகவும் பாதிக்கப்பட்டேன்" என்பது அறிக்கை மாதிரி இருந்தது. "இருள் சூழ்ந்த நாட்கள்" யாரோ எழுதியது மாதிரி இருந்தது. கடைசியில் அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் போனில் சொன்ன வாக்கியத்தையே எழுதச் சொன்னேன்: "பயமாத்தான் இருந்துச்சு. பிப்ரவரியிலேர்ந்து." உங்கள் நேர்வரியையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். அந்த வருஷம் நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் எது என்று வாட்ஸப்பில் தேடிப் பாருங்கள்.

நன்றியை அடக்கமாகச் சொல்வது

நன்றி என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது மேடை நன்றியுரை ஆகிவிடும். செயலைச் சொல்லுங்கள், பண்பைச் சொல்ல வேண்டாம். "அன்பே உருவான மாடி வீட்டு அக்கா" என்பதில் அக்காவின் முகமே தெரிவதில்லை. "சிலிண்டர் தீரப்போகுதுன்னு தெரிஞ்சும் ஒன்பது பேருக்கு உலை வச்ச அக்கா" என்றால் அவரைத் தெரியாதவருக்கும் தெரிந்துவிடுகிறது.

பெயர் போடலாமா, டேக் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். உடலால் உதவியவரைப் பெயர் சொல்லலாம், அதற்கும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த நாளே அவரிடம் நாலு பேர் கேட்பார்கள். அவர் வீட்டில் அது தெரியாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு வரி போதும், அவருக்கு மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரி. பட்டியலை மூன்று நான்கு பேரோடு நிறுத்துங்கள். பத்துப் பேரைச் சொன்னால் பதினோராவது ஆளுக்கு மனம் நோகும். மூன்று பேரைச் சொன்னால் அது உதாரணம் என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஆட்டோக்காரருக்கு இன்ஸ்டாகிராமே கிடையாது. தோழி அவரை நேரில் பார்த்து, குறைத்து வாங்கிய பணத்தைப் பற்றிக் கேட்டாள். "எப்படியும் அந்தப் பக்கம்தானேம்மா போறேன்" என்றாராம்.

முழுக் கேப்ஷன்

கடைசியில் 31ஆம் தேதி மாலை அவள் போட்டது இது. படத்தைப் பார்த்தாலே புரிகிற இடங்களில் எதுவும் எழுதவில்லை, தேவையான இடத்தில் மட்டும் பட எண் இருக்கிறது.

"இந்த வருஷம் எங்க வீட்ல நீச்சல் கத்துக்கிட்டது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

2: பிப்ரவரில ஆபீஸ் அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டேன். கழுத்து லேசாச்சு. பர்ஸும்.

5: ஜூலைல அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சுது. வாக்கர் வந்துச்சு. மூணாவது வாரத்துலேர்ந்து அது காய்கறி வண்டி. அது நடக்கறதுக்குக் குடுத்ததுன்னு அம்மாகிட்ட சொல்ல எங்க யாருக்கும் தைரியம் இல்ல.

7: டிசம்பர் 4. எல்லாரும் வீடு கடலோரமா இருக்கணும்னு ஆசைப்படுவாங்க. எங்களுக்குக் கடல் கூடத்துக்கே வந்துச்சு.

பயமாத்தான் இருந்துச்சு. பிப்ரவரியிலேர்ந்து.

அம்மாவை நாற்காலியோட தூக்கி ரெண்டு மாடி ஏறின மூணு பசங்களுக்கு. சிலிண்டர் தீரப்போகுதுன்னு தெரிஞ்சும் ஒன்பது பேருக்கு உலை வச்ச அக்காவுக்கு. 'வேலை கெடச்சுதா'ன்னு ஒரு நாளும் கேக்காம, 'சாப்ட்டியா'ன்னு மட்டும் கேட்டவருக்கு. உங்களுக்கே தெரியும்.

ஃப்ரிட்ஜ் இன்னும் காயுது, ஸ்விட்ச் போடாதீங்கன்னு மெக்கானிக் சொல்லியிருக்கார். நாங்களும் காஞ்சுட்டிருக்கோம்."

நன்றி என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "பசங்களுக்கு", "அக்காவுக்கு", "கேட்டவருக்கு" என்ற வேற்றுமை உருபே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. முடிவில் "2024 நல்லா இருக்கும்" என்ற வாக்குறுதியும் இல்லை. டிசம்பர் 31 அன்று அவளுக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. கிடைக்கும் என்று எழுதியிருந்தால் அந்த நேர்வரி பொய்யாகியிருக்கும்.

போடுவதற்கு முன்

கேப்ஷனை இன்ஸ்டாகிராமிலேயே தட்டச்சு செய்யாதீர்கள். நோட்ஸில் எழுதி ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் படியுங்கள். இரவில் நன்றாக இருந்து காலையில் கூச்சம் தருகிற வரி ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அது யாரையோ குத்துகிற வரிதான். கேப்ஷனைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் படித்தவர்கள் படித்தது படித்ததுதான். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் நெருங்கிய நண்பர்கள் பட்டியலுக்கு மட்டும் போடும் வசதி இருக்கிறது. அப்போதும் இதே சோதனைகள் பொருந்தும், ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பட்டியல் தெரியாது.

போட்டபிறகு முதலில் வருகிற பதில்களைப் பாருங்கள். "ஐயோ பாவம்" என்றே வரிசையாக வந்தால் நேர்வரி நீண்டுவிட்டது. வெறும் சிரிப்பு எமோஜிகளாகவே வந்தால் அது யார் கண்ணிலும் படவில்லை. தோழிக்கு வந்த முதல் பதில் மாடி வீட்டு அக்காவிடமிருந்து. "ஒன்பது இல்லடி, பதினொண்ணு. நாயையும் பூனையையும் விட்டுட்டே." அவள் கேப்ஷனைத் திருத்தினாள்.